பெட்டிக்குள் போன், காதுக்குள் ஜெபம்

எபினேசர் அண்ணாச்சி திருந்திவிட்டார் என்ற செய்தி சங்கரன்கோவில் கடைவீதி முழுக்கப் பரவியபோது, அவர் எப்படித் திருந்தினார் என்பது தெரிந்த ஒரே ஆள் சுகிர்தாதான். அவள்தான் அந்தத் திருத்தத்தை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தவள்.

கதை இப்படித்தான் ஆரம்பித்தது. திருநெல்வேலியில் ஏதோ ஒரு ஓட்டலில் வியாபாரிகளுக்கு முன்னேற்றக் கூட்டம் போட்டார்கள். கோட்டு மாட்டிய ஒருவர், ஆனி வெயிலில் அந்தக் கோட்டைக் கழற்றாமலே, "ஊழியர் கையில் இருக்கும் செல்போன் உங்கள் கல்லாவில் விழுந்த ஓட்டை" என்று பேசினாராம். அண்ணாச்சி மதியம் பிரியாணியையும் அந்த வாக்கியத்தையும் சேர்த்து முழுங்கிவிட்டு ஊருக்கு வந்தார். பிரியாணி செரித்துவிட்டது. வாக்கியம் செரிக்கவில்லை.

மறுவாரமே எபினேசர் ஜவுளிக் கடையில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. தினமும் காலையில் கடை திறந்து, ஜெபம் முடித்து, எல்லாரும் வரிசையாக வந்து அதில் போனைப் போட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதுதான் திரும்பக் கிடைக்கும். சாவி அண்ணாச்சியின் சட்டைப் பையில். பெட்டி அண்ணாச்சியின் கண்ணாடி அறையில். சேலைப் பிரிவில் நிற்கும் பேச்சித்தாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, அண்ணாச்சி எல்லாரும் பார்க்கத் தன்னுடைய போனை எடுத்து முதல் ஆளாக உள்ளே வைத்தார்.

"மொதலாளின்னு எனக்குத் தனிச் சட்டம் கெடையாது. என் போனும் உள்ள கெடக்கட்டும்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. எல்லாரும் அசந்து போனார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவர் சங்கரபாண்டியன் காதுக்கு விஷயம் எட்டி, அவர் அடுத்த கூட்டத்தில் அண்ணாச்சிக்குத் துண்டு போட்டு மரியாதை செய்தார். துண்டும் அண்ணாச்சி கடையில் வாங்கியதுதான்.

ஆனால் அண்ணாச்சிக்கு அந்தத் தியாகம் இரண்டாம் நாளே கசந்துவிட்டது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. இல்லாத போனைத் தேடிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தார். யாரோ எங்கோ காலை வணக்கப் படம் அனுப்பியிருப்பார்கள், அதற்கு நாம் கும்பிடு போடாமல் உலகம் நின்றுவிடுமே என்று தவித்தார். கடைசியில் கணக்கு எழுதும் சுகிர்தாவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா சுகிர்தா, நீ கம்ப்யூட்டர் படிச்ச பிள்ள. போன் பெட்டிக்குள்ளயே கெடக்கணும். ஆனா எனக்கு வாரது எனக்கு வந்துரணும். அதுக்கு வழி உண்டுமா?"

வழி உண்டு என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சுகிர்தாவுக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அண்ணாச்சியின் லேப்டாப்பிலேயே போன் லிங்க் என்று ஒன்று இருக்கிறது, விண்டோஸோடு சேர்ந்தே வருவது, அதைப் போனோடு இணைத்துவிட்டால் செய்தி, அழைப்பு எல்லாம் திரையிலேயே தெரியும் என்று சொல்லிவிட்டாள்.

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே பயம் வந்தது. "எதுக்கும் மொதல்ல உன் போன்ல போட்டுப் பாரு. எம் போன்ல பேரன் போட்டோ எல்லாம் கெடக்கு, அழிஞ்சிரக் கூடாது பாத்துக்க" என்றார். ஆகாத மருந்தை அடுத்தவருக்குக் கொடுத்துப் பார்க்கும் புத்தி.

அதனால் சோதனைக்கு முதலில் பெட்டியில் இருந்து வெளியே வந்து இணைந்தது சுகிர்தாவின் போன். லேப்டாப் திரையில் ஒரு க்யூஆர் கட்டம் வந்தது. போனில் லிங்க் டு விண்டோஸ் செயலியைத் திறந்து அதை ஸ்கேன் செய்தாள். நோட்டிபிகேஷன் பார்க்கலாமா, தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, எஸ்எம்எஸ் பார்க்கலாமா என்று அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. கொடுத்தாள். அழைப்புக்குப் ப்ளூடூத் வேண்டும் என்றது. இரண்டு திரையிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்த்து ஜோடி சேர்த்தாள். ஒன்றும் அழியவில்லை என்று உறுதியான பிறகு அண்ணாச்சி பெட்டியைத் திறந்து தன் போனை எடுத்துக் கொடுத்தார், அதையும் அதே மாதிரி சேர்த்துவிட்டாள்.

"வாட்ஸ்அப் முழுசா இதுல வராது அண்ணாச்சி. புதுசா ஒரு செய்தி வந்தா மூலையில நோட்டிபிகேஷன் வரும். அதுக்குக் கீழயே பதில் டைப் அடிக்கலாம். பழசெல்லாம் தேடி எடுக்க முடியாது. எஸ்எம்எஸ்னா எல்லாமே தெரியும். ரெண்டு போன் சேந்திருக்கு, ஆனா ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் ஓடும். இப்ப உங்க போன்தான் ஓடுது. என் போனை எடுத்துரட்டா?"

"அது கெடக்கட்டும், கெடக்கட்டும். நாளைக்கு ஏதும் கோளாறு வந்தா சோதிச்சுப் பாக்கணும்லா" என்றார் அண்ணாச்சி. அவர் அப்போதே திரையில் யாருக்கோ கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் வந்த பெட்டி இரும்பு. அதற்குள் போனை வைத்தால் பேச்சு விட்டுவிட்டு வந்தது. மறுநாளே மரப்பெட்டி செய்யச் சொல்லிவிட்டார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டவர்களிடம், "மரத்துலதான் ஒரு மரியாத இருக்கு" என்றார். அதையும் கேட்டுத் தலையாட்டினார்கள்.

அழைப்பு வந்தால் லேப்டாப்பில் சொருகிய இயர்போனில் கேட்டு, மெல்லிய குரலில் பேசுவார். வயரைச் சட்டைக்குள் விட்டிருந்ததால் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உதடு மட்டும் அசையும். கண்ணை வேறு பாதி மூடிக்கொள்வார். பேச்சித்தாய் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "அண்ணாச்சி எந்நேரமும் ஜெபத்துலயே இருக்காவ, பாத்தியாக்கா. போனை வச்ச பொறவு மனுசன் எப்படி மாறிட்டாவ" என்றாள். சுகிர்தா இருமுவதைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அண்ணாச்சி ஜெபித்தது சூரத்துக்காரனோடு. சேலைக்கு விலை குறைக்கச் சொல்லி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்.

இதுவரைக்கும் சிரிப்புதான். சுகிர்தாவுக்குச் சிரிப்பு நின்றது ஆல்வினால்.

ஆல்வின் அவள் மகன். மூன்று வயது. கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் பிளே ஸ்கூலில் விட்டுவிட்டு வருவாள். போன வருஷம் அவனுக்குக் காய்ச்சல் கூடி வலிப்பு வந்துவிட்டது. சூடு ஏறுகிறது என்று தெரிந்ததும் மருந்தைக் கொடுத்து, ஈரத் துணியால் துடைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்துவிட வேண்டும், தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் புருஷன் விஜயராஜ் லாரி ஓட்டுகிறவன். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் அவனைக் கூப்பிட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை. ஆக, பிளே ஸ்கூலில் இருந்து கூப்பிட்டால் ஓடிவர உலகத்தில் ஒரே ஆள் சுகிர்தா. அவளைக் கூப்பிட ஒரே வழி அந்தப் போன். அது பெட்டிக்குள். கடையில் லேண்ட்லைன் என்று ஒன்று பெயர்ப்பலகையில் மட்டும் உயிரோடு இருந்தது.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னாள். "என் போனை மட்டும் பில் மேசையில வச்சுக்கிடுதேன் அண்ணாச்சி. வேற யாருகிட்டயும் பேச மாட்டேன். பிள்ளைக்கு ஒண்ணுன்னா டீச்சர் கூப்பிடுவாவ, அதுக்குத்தான்."

அண்ணாச்சி இயர்போனைக் காதில் இருந்து எடுத்துவிட்டு அவளை நேராகப் பார்த்துச் சொன்னார். "உனக்கு விட்டா பேச்சித்தாய்க்கும் விடணும்மா. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். எம் போனே உள்ளதான கெடக்கு."

யாரிடம் சொல்கிறோம் என்ற கூச்சம் அவர் முகத்தில் துளிகூட இல்லை. லேப்டாப்பைச் சேர்த்துவிட்டவளிடமே அதைச் சொல்ல ஒரு தனி மனசு வேண்டும். அண்ணாச்சிக்கு அது இருந்தது.

"அப்போ பில் கம்ப்யூட்டர்லயாவது என் போனைச் சேத்துக்கிடட்டா? செய்தி வந்தா தெரிஞ்சா போதும்."

"அது பில் போடுத கம்ப்யூட்டர். அதுல இதெல்லாம் ஏத்துனா மக்கர் பண்ணும். நீ எதுக்குப் பயப்படுத? பெட்டி என் காதுகிட்டதான இருக்கு. உன் போன் அதிர்ந்தா எனக்குக் கேக்காதா? ஒடனே கூப்பிட்டுச் சொல்லுதேன், போ."

சம்பளம் கொடுக்கிறவர் வாக்குக் கொடுத்தால் அதற்கு மேல் என்ன கேட்பது. சுகிர்தா போய்விட்டாள்.

ஆடித் தள்ளுபடி மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை. கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா பார்க்க வந்த கூட்டம் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. குருவிகுளம், திருவேங்கடம் என்று சுற்றுவட்டாரத்துச் சனம் எல்லாம் பஸ் இறங்கி நேராகக் கடைக்குள் வந்தது. சுகிர்தாவுக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் அண்ணாச்சி திரையைப் பார்த்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் நல்ல திருப்தி. அவளைப் பார்த்ததும் தலையை ஆட்டினார், வேலை நடக்கட்டும் என்பது போல. அவளும் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் போனை வாங்கிப் பையில் போட்டபடியே பிளே ஸ்கூலுக்கு ஓடினாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தன. பொன்மணி டீச்சர் மடியில் ஆல்வின் வாடிய கீரையாகக் கிடந்தான். நெற்றியில் ஈரத் துணி. தொட்டவுடன் சுகிர்தாவுக்குக் கை சுட்டது.

"எப்பத்துல இருந்து டீச்சர்? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

பொன்மணி டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை இல்லை. "சொன்னேன்லா. மத்தியானமே மெசேஜ் போட்டேன். நீங்கதான் வர முடியாதுன்னு பதில் போட்டீங்க. பெத்தவங்களே அப்படிப் போட்ட பொறவு நான் என்னத்தக் கூப்பிட? எனக்குத் தெரிஞ்ச மட்டுக்கும் தொடச்சி விட்டுக்கிட்டு இருக்கேன்."

சுகிர்தா போனைத் திறந்தாள். டீச்சர் அனுப்பியது இருந்தது: 'ஆல்வினுக்கு உடம்பு சுடுது. உடனே வர முடியுமா?' அதற்குக் கீழே அவள் அனுப்பியது. அதாவது, அவள் அனுப்பாதது.

'தற்சமயம் ஆடி சீசன். வர இயலாது. மாலை பார்ப்போம். நன்றி வணக்கம்.'

இந்த உலகத்தில் செய்திக்குச் செய்தி நன்றி வணக்கம் போடுகிற ஆள் அண்ணாச்சி ஒருவர்தான். பெண்டாட்டி ஞானபூரணம் காய் வாங்கி வரச் சொன்னாலும் நன்றி வணக்கம் போடுவார். சுகிர்தா லிங்க் டு விண்டோஸைத் திறந்து பார்த்தாள். அண்ணாச்சி லேப்டாப்போடு அவள் போன் சேர்ந்தேதான் இருந்தது. அவருக்குப் பொழுது போகாமல் எங்கேயோ தட்டியிருக்கிறார், இவள் போன் ஓட ஆரம்பித்திருக்கிறது, டீச்சர் செய்தி மூலையில் வந்து நின்றிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, எழுந்து நாலடி நடந்து வந்து சொல்வதற்குப் பதில், உட்கார்ந்த இடத்தில் இருந்தே ஒரு தாயின் பெயரில் பதில் போட்டு முடித்துவிட்டார். அந்தத் திருப்தியோடுதான் தலையை ஆட்டியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வலிப்பு வரவில்லை. டாக்டர் சூடு பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரம் வச்சுக்கிட்டு இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். மகன் தூங்கிய பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. பிறகு, நான் ஏன் விட வேண்டும் என்று தோன்றியது.

வியாழக்கிழமை லீவு போட்டாள். வெள்ளிக்கிழமை ஆல்வினுக்குச் சூடு முழுசாக இறங்கி, அவனே செருப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். பிளே ஸ்கூலில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள். எல்லாரையும் போல வரிசையில் நின்று போனைப் பெட்டியில் போட்டாள். அண்ணாச்சி கரிசனமாகக் கேட்டார்.

"பிள்ளைக்கு இப்ப எப்படிம்மா?"

"இருக்கான் அண்ணாச்சி. புதன்கிழமை டீச்சர் செய்தி போட்டிருந்தாவளாம். போன் அதிர்ந்தது உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கலையே தாயி. கூட்டம் பாத்தியா அன்னைக்கு? கேட்டிருந்தா சொல்லாம இருப்பனா?" என்று சொல்லிவிட்டு வாசலில் பொம்மைக்குச் சேலை கட்டுவதை மேற்பார்வை பார்க்கப் போனார்.

பொய்யைக்கூட அவ்வளவு பாசமாகச் சொன்னார். சுகிர்தா கண்ணாடி அறைக்குள் போய் லேப்டாப் முன் உட்கார்ந்தாள். முந்தின நாள் விற்பனையை அதில் ஏற்றுவது அவள் தினசரி வேலை. பாதி ஏற்றியிருப்பாள், மூலையில் ஒரு நோட்டிபிகேஷன் எட்டிப் பார்த்தது. இப்போது ஓடிக்கொண்டிருந்தது அண்ணாச்சி போன்.

சங்கரபாண்டியன் அனுப்பியிருந்தார்: 'அண்ணாச்சி, சங்கத்து ஆளுக சிலபேரு உங்க பெட்டிய நேர்ல பாக்கணும்ங்காவ. இன்னைக்கு வரலாமா?'

அதற்குக் கீழே பதில் எழுதச் சொல்லி ஒரு கட்டம் திறந்து கிடந்தது.

சுகிர்தா கட்டத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அண்ணாச்சி பொம்மையின் இடுப்பில் கொசுவத்தைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். இது தப்புதான் என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே அடித்தாள்.

'அவசியம் வாருங்கள். போன் பெட்டிக்குள் இருந்தாலும் நான் லேப்டாப்பில்தான் செய்தி பார்ப்பது, பதில் போடுவது, பேசுவது எல்லாம். நேரில் செய்து காட்டுகிறேன். நன்றி வணக்கம்.'

எண்டரைத் தட்டினாள். கட்டம் மறைந்தது. செய்தி, பெட்டிக்குள் கிடந்த போன் வழியாகச் சங்கரபாண்டியனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் மீதிக் கணக்கை ஏற்ற ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். திரையில் 'சரி, வாரோம்' என்று சங்கரபாண்டியன் போட்டிருந்ததைப் பார்த்தார். முன்னால் என்ன போனது என்று அதில் தெரியாதே. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தலைவர் வருகிறார், அதுவும் பெட்டிக்காகத்தான் இருக்கும். உடனே தலையைச் சீவினார், பெட்டிக்கு மேல் ஒரு மாலையைப் போடச் சொன்னார்.

சங்கரபாண்டியன் வந்தார். கூடவே கடையநல்லூரில் கடை வைத்திருக்கும் சித்தீக் பாயும், இன்னும் நாலைந்து கடைக்காரர்களும். அண்ணாச்சி எல்லாரையும் கண்ணாடி அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். கதவு திறந்தே இருந்தது. கடைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"கட்டுப்பாடுங்கது மொதல்ல நம்மகிட்ட இருந்து வரணும். பாருங்க, என் போனும் இதுக்குள்ளதான். காலையில வச்சா சாயங்காலம்தான். நடுவுல அதை நெனைக்கதுகூட இல்ல."

சங்கரபாண்டியன் பொறுமை இல்லாமல் கையை அசைத்தார். "அது இருக்கட்டும் வே. லேப்டாப்பக் காட்டும்."

"லேப்டாப்பா?"

"நீருதான போட்டிருந்தீரு. உள்ள கெடந்தாலும் லேப்டாப்புலதான் பேசுதேன், வந்தா காட்டுதேன்னு." அவர் தன் போனை எடுத்து அதைச் சத்தமாகப் படித்தே காட்டினார். நன்றி வணக்கம் வரைக்கும்.

அண்ணாச்சியின் முகத்தில் நிறம் வந்து வந்து போயிற்று. வாசலில் நின்ற பேச்சித்தாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அப்போ அந்த ஜெபம்?" என்று கேட்டுவிட்டாள். சித்தீக் பாய் மீசையைத் துடைத்துக்கொள்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

இப்போது அண்ணாச்சி தலைகுனிவார் என்று சுகிர்தா நினைத்திருந்தாள். அதுதான் அவள் செய்த ஒரே தப்புக் கணக்கு. வந்தவர்கள் யாருக்கும் அவர் ஊரை ஏமாற்றியது பெரிதாகவே படவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் லேப்டாப் மேல் இருந்தது. "நல்ல யோசனைலா", "எங்க கடைக்கும் ஒரு பெட்டி வேணும்" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அண்ணாச்சிக்கு உயிர் வந்துவிட்டது.

"ஆமா, நாந்தான் யோசிச்சுப் போட்டேன். நம்மளுக்கு யாவாரம் நடக்கணும், அவங்களுக்குக் கட்டுப்பாடும் வேணும்லா? சுகிர்தா, வந்து இவங்களுக்குக் காட்டும்மா" என்றார்.

சுகிர்தா வந்தாள். எல்லாரும் பார்க்க லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள்.

"இது அண்ணாச்சி போன். செய்தி வந்தா இங்கன தெரியும், இங்கனயே பதில் போடலாம். கால் வந்தா எடுத்துப் பேசலாம்." அடுத்ததைத் தட்டினாள். "இது என் போன். சோதனைக்குன்னு நாங்க மொதல்ல சேத்தது. இப்ப இதைத் தட்டுனா எனக்கு வார செய்தி எல்லாம் இதுல வரும். எனக்குப் பதிலா யாரு வேணாலும் பதில் போடலாம். புதன்கிழமை என் பிள்ளைக்குக் காய்ச்சல்னு டீச்சர் இதுல செய்தி போட்டாவ. ஆடி சீசன், வர இயலாதுன்னு அண்ணாச்சி என் பேர்ல பதில் போட்டாவ. எனக்குச் சொல்லல. பிள்ள சாயங்காலம் வரைக்கும் நெருப்பாக் கெடந்துச்சு."

அண்ணாச்சி, "கூட்டம் நெறைய இருந்துச்சு... அவ பதறக் கூடாதுன்னுதான்..." என்று யாரையும் பார்க்காமல் முனகினார்.

சித்தீக் பாய் அவரைப் பார்த்தார். "பிள்ளையப் பத்தி வந்த செய்திக்கா அண்ணாச்சி பதில் போட்டீங்க?"

சங்கரபாண்டியன் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவர் லேப்டாப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடையைத் தடவினார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"ஏம்மா, அப்போ கடையில வேல பாக்குத எல்லாரு போனையும் இப்படிச் சேத்துக்கிடலாமா?"

ஒரு பிள்ளை நெருப்பாகக் கிடந்த கதையைக் கேட்டு மனுஷனுக்கு உதித்த சந்தேகம் அதுதான். சுகிர்தா அவரைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. சிரிப்பு வந்தது.

"சேக்கலாம் தலைவரே. மொதல்ல உங்க போனைக் குடுங்க, இப்பவே சேத்துருதேன். உங்க வீட்ல இருந்து அக்கா அனுப்புறதுக்கெல்லாம் இங்க இருக்க பிள்ளைக பதில் போடட்டும்."

சங்கரபாண்டியனின் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. பேச்சித்தாய் பக்கென்று சிரித்தாள். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள். கடைக்கு வந்த சனமும், என்னவென்று தெரியாமலே, சேர்ந்து சிரித்தது.

சுகிர்தா லேப்டாப்பில் அமைப்புகளுக்குள் போய்த் தன் போனை நீக்கினாள். பிறகு அண்ணாச்சியின் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். "சாவி."

அண்ணாச்சி பார்த்தார். ஆடி சீசன் பாதிகூட முடியவில்லை. கணக்கு முழுக்க இவள் கையில். வெளியே பில் போட வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. அவர் தலைக்குள் ஓடிய கணக்கு முகத்தில் அப்படியே தெரிந்தது. மாலையை ஒதுக்கிவிட்டு அவரே பெட்டியைத் திறந்தார்.

அவள் தன் போனை எடுத்தாள். அதிலும் லிங்க் டு விண்டோஸைத் திறந்து அண்ணாச்சியின் லேப்டாப்பை நீக்கினாள். பின்னாலேயே பேச்சித்தாய் வந்து தன்னுடையதை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. வந்த வியாபாரிகள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள்.

சுகிர்தா பில் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். போனைத் திரை தெரிய மேசை மேல் வைத்தாள். சத்தத்தையும் முழுக்க வைத்தாள். வரிசையில் முதலில் நின்ற திருவேங்கடத்துக்காரர் பொறுமையிழந்து துணியை நீட்டினார். அவள் பில் அடிக்க ஆரம்பித்தாள்.

மத்தியானம் போன் அடித்தது. கடையே திரும்பிப் பார்த்தது. கண்ணாடிக்குள் இருந்து அண்ணாச்சியும் பார்த்தார். சுகிர்தா குரலைத் தணிக்கவில்லை.

"சொல்லுங்க டீச்சர்."

"ஒண்ணுமில்ல சுகிர்தா. ஆல்வின் நல்லா சாப்பிட்டான், சூடு இல்ல. சும்மா சொல்லணும்னு தோணுச்சு" என்றாள் பொன்மணி டீச்சர். பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள், "இப்ப பேசுதது நீங்கதான?"

"நாந்தான் டீச்சர்" என்றாள் சுகிர்தா.